குடிநீர் இணைப்புக்குப் பணி நிறைவுச் சான்று கட்டாயமா?

கேள்வி: சென்னையில் தரைத்தளமும் முதல் தளமுமாகப் புது வீடு கட்டியிருக்கிறோம். தளத்துக்கு ஒரு குடும்பம். வரைபட அனுமதி இருக்கிறது. குடிநீர் இணைப்பு கேட்டால், பணி நிறைவுச் சான்று இல்லாமல் மனுவையே வாங்க மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்கள் வீட்டுக்கு அந்தச் சான்று தேவையில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன் 20-வது விதி பணி நிறைவுச் சான்றைப் பற்றியது. 2019-இல் இந்த விதி வந்தபோதே 12 மீட்டர் உயரத்துக்குள், மூன்று குடியிருப்புகளுக்குள், 750 சதுர மீட்டருக்குள் அடங்கும் வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது; பின்னர் அந்த வரம்பு இன்னும் தளர்த்தப்பட்டது. இரண்டு தள வீடு பொதுவாக ஏழெட்டு மீட்டர்தான் வரும்.

ஆனால் கட்டியிருப்பது வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும். அனுமதியில் இல்லாத இன்னொரு தளம் போட்டிருந்தாலோ, தனிச் சமையலறையோடு கூடுதல் போர்ஷன்கள் பிரித்திருந்தாலோ விலக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முதலில் அந்த விதிமீறலுக்கு வழி தேட வேண்டும்.

இன்னொன்று, சொத்து வரி. கையில் இருப்பது காலி மனை வரி ரசீதா, கட்டடத்துக்கான வரி விதிப்பா என்று பாருங்கள். காலி மனை ரசீதை வைத்துக் கேட்டால் மனு அங்கேயே நின்றுவிடும். மாநகராட்சியில் கட்டடத்துக்கு வரி விதிக்கச் சொல்லி, பத்திரத்திலும் வரி ரசீதிலும் உரிமையாளர் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இவை சரியாக இருந்தால் இனி வாய்ப்பேச்சு வேண்டாம். வாய்மொழியாக மறுத்ததை வைத்து எந்த மேல்முறையீடும் செய்ய முடியாது. குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே பகுதிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வரைபட அனுமதி எண், வீட்டின் உயரம், மொத்தப் பரப்பு, குடியிருப்புகளின் எண்ணிக்கை, 20-வது விதியின் விலக்கு ஆகியவற்றை அதில் எழுதி, "மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று முடியுங்கள். பத்திரம், வரைபடம், வரி ரசீது நகல்களை இணையுங்கள். பெரும்பாலும் இந்தக் கடிதத்துக்கே வேலை நடக்கும், ஏனென்றால் விதிக்கு மாறாக எழுதிக் கையெழுத்துப் போட யாரும் தயங்குவார்கள்.

பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்று விஷயம் கேளுங்கள்: என் விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் உள்ளது, எந்த விதிப்படி சான்று கேட்கிறீர்கள், என் தெருவில் குடிநீர்க் குழாய் செல்கிறதா? 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்றாவது கேள்வியை விடாதீர்கள். தெருவில் குழாயே இல்லையென்றால் சிக்கல் சான்றில் இல்லை, நீதிமன்றம் போனாலும் உடனே தண்ணீர் வராது.

குழாய் இருந்தும் இழுத்தடித்தால், அரசமைப்புச் சட்டம் 226-வது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். விண்ணப்பத்தை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்ற உத்தரவே இத்தகைய வழக்குகளில் வழக்கமாகக் கிடைக்கும். முதலில் அதிகாரியிடம் முறையாகக் கேட்டதற்குச் சான்று இல்லாமல் அந்த மனு நிற்காது. ஆகவே பதிவு எண், கடித நகல், அஞ்சல் ரசீது மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.