பிரசவத்துக்குப் பின் திடீர் மயக்கம்: வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவர் பதில்

உசிலம்பட்டி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். குழந்தை பிறந்து நஞ்சு வரும் நேரத்தில் ஒரு தாய் திடீரென வெளுத்து மயங்கினார். ரத்தம் அவ்வளவு போகவில்லை, ஆனால் பல்ஸ் மெதுவாக இருந்தது. என்னவாக இருக்கும்?

முதலில் வயிற்றில் கை வையுங்கள். தொப்புளை ஒட்டிக் கெட்டியாக இருக்க வேண்டிய கர்ப்பப்பை கைக்குத் தட்டுப்படவில்லை அல்லது மேல்பக்கம் குழிந்திருக்கிறது, கீழே செக்கச்சிவந்த சதை தெரிகிறது என்றால், கழற்றிய சட்டைக்கை போலக் கர்ப்பப்பை உள்பக்கம் வெளியே புரண்டிருக்கிறது. நஞ்சு பிரியுமுன் கொடியை இழுத்தாலும், தளர்ந்த கர்ப்பப்பையை மேலிருந்து அழுத்தினாலும் இப்படி ஆகலாம். யாரும் எதுவும் செய்யாமலும் ஆவதுண்டு. நரம்புகள் இழுபடுவதால் பல்ஸ் குறைகிறது. ரத்தப்போக்கு பின்னாலேயே வந்துவிடும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்வது? பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாமா?

108-ஐ ஒருவர் கூப்பிடட்டும், ஆனால் அதற்குள் நீங்கள் தொடங்கிவிடுங்கள். ஆக்ஸிடோசின் டிரிப் ஓடினால் உடனே நிறுத்துங்கள், ஏனென்றால் கர்ப்பப்பை தளர்ந்திருந்தால்தான் உள்ளே போகும். பெரிய ஊசியில் இரண்டு லைன் போட்டு சலைன் ஏற்றுங்கள். நஞ்சு ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம். பிரித்தால் ரத்தம் கொட்டும். பயிற்சி உள்ளவர் கையுறையோடு வெளியே வந்த பகுதியை உள்ளங்கையில் ஏந்தி, தொப்புளை நோக்கிச் சீராக மேலே தள்ள வேண்டும். உள்ளே போனதும் கையை எடுத்துவிடாமல், ஆக்ஸிடோசினைத் திரும்பத் தொடங்கி, கர்ப்பப்பை கையைச் சுற்றி இறுகும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். நஞ்சை எடுப்பது அதற்கப்புறம்தான்.

நேரம் போகப் போக கர்ப்பப்பை வாய் இறுகிவிடும், அப்புறம் கை போகாது. அப்படியானால் முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, மயக்க மருந்தும் ரத்தமும் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். தளர்த்தும் மருந்து கொடுத்து அங்கே முயல்வார்கள், முடியாவிட்டால் அறுவை சிகிச்சை.

மேலூரில் என் தங்கை வலி வந்து படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறி இறந்துவிட்டாள். பனிக்குட நீர் ரத்தத்தில் கலந்தது என்றார்கள். முன்பே தெரிந்திருக்காதா?

தெரிந்திருக்காது. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதை முன்கூட்டிக் காட்டும் பரிசோதனையே இல்லை, தடுக்கும் வழியும் இல்லை. பெரும்பாலும் வலியின்போதோ பிரசவமான அரை மணி நேரத்துக்குள்ளோ வரும். திடீர் மூச்சுத்திணறல், பிரஷர் சரிவு, இதயம் நிற்பது, சற்று நேரத்தில் ஊசி போட்ட இடத்திலெல்லாம் உறையாத ரத்தம் கசிவது என்று போகும். இது கர்ப்பப்பை புரண்டதால் வந்ததல்ல என்பதும் வயிற்றில் கை வைத்தாலே தெரியும்.

இதயம் நின்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். குழந்தை இன்னும் உள்ளே இருந்தால், ஒருவர் வயிற்றை இடப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். துடிப்பு திரும்பாவிட்டால், டாக்டர் இருக்கும் இடத்தில் ஐந்து நிமிடத்துக்குள் அங்கேயே குழந்தையை வெளியே எடுப்பார்கள்; அது தாயைக் காப்பாற்றவும்தான். ரத்தமும் உறைய வைக்கும் பொருள்களும் நிறையத் தேவைப்படும். இவ்வளவு செய்தும் சிலர் பிழைப்பதில்லை.

எனக்குக் கர்ப்பப்பை புரண்டு சரிசெய்தார்கள். அடுத்த பிரசவம்?

திரும்ப வரலாம். ஆப்பரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனையில் பதிவு செய்து, பழைய டிஸ்சார்ஜ் சீட்டை முதல் நாளே காட்டுங்கள்.