கோல்ட் ஸ்டோரேஜில் நடுக்கம் நின்றுவிட்டால் உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: மதுரையில் வத்தல் மூடை அடுக்கும் கோல்ட் ஸ்டோரேஜில் மூன்று மாதமாக வேலை பார்க்கிறேன். உள்ளே 4 டிகிரி. முதல் பத்து நாள் பல் தந்தி அடித்தது. இப்போது நடுக்கமே வருவதில்லை. உடம்பு குளிருக்குப் பழகிவிட்டதா? பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று நடுங்காமலே சூடு கொடுக்குமாமே, அதுதான் வேலை செய்கிறதா?

பதில்:

கொஞ்சம் பழகியிருக்கும். ஆனால் உங்களைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு ஜெர்கினுக்கும் நீங்கள் தூக்கும் மூடைக்கும்தான். பழுப்புக் கொழுப்புக்குக் கிடைக்கும் பெயர் அதன் வேலையைவிடப் பெரிசு. நான் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுப்பவன். என் அக்கா வீட்டுக்காரரும் உங்களைப் போலவே ஒரு வத்தல் குடோனில் இருப்புக் கணக்குப் பார்ப்பவர். போன மார்கழியில் அவருக்கு நடந்த ஒரு விஷயத்தால்தான் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கொழுப்பு. தொப்பையில் இருப்பது வெள்ளைக் கொழுப்பு, அது சேமிப்புக் கிடங்கு. பழுப்புக் கொழுப்பு அடுப்பு மாதிரி. அதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக அடைந்திருக்கும், அவற்றிலுள்ள இரும்புதான் அந்த நிறத்தைத் தருகிறது. பிறந்த குழந்தைக்குச் சரியாக நடுங்கத் தெரியாது. அதனால் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இந்தக் கொழுப்போடுதான் பிறக்கிறது. வளர்ந்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும் என்றுதான் வெகுகாலம் பாடம் நடத்தினோம். 2009-இல் ஒரே மருத்துவ இதழில் வந்த மூன்று ஆய்வுகள் அதை மாற்றின. பெட் ஸ்கேனில் பெரியவர்களுக்கும் காறை எலும்புக்கு மேலும் கழுத்தின் பக்கங்களிலும் முதுகெலும்பை ஒட்டியும் அது பளிச்சென்று தெரிந்தது. என் சித்திக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோது, ஏசி அறையில் இருந்த பையன் கம்பளியைக் கொடுத்து, "நல்லா போத்திக்கங்கம்மா, குளிர்ந்தா படம் குழப்பிரும்" என்றான். குளிரில் பழுப்புக் கொழுப்பு, ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரையை இழுத்துக்கொண்டு ஒளிரும், கட்டியா கொழுப்பா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். சித்தி என்னமோ அவன் அக்கறையான பிள்ளை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதுவும் சரிதான்.

அது எப்படிச் சூடு பண்ணுகிறது என்பதற்கு நம்ம ஊர்த் தண்ணீரையே பார்க்கலாம். முல்லைப் பெரியாற்றிலிருந்து வரும் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுற்றி, மின்சாரமாகிவிட்டுத்தான் வைகைப் பக்கம் வருகிறது. குழாய் வழி வேண்டாம் என்றால் இரைச்சல் பாலம் வழியாகத் திறந்துவிடுவார்கள். அதே தண்ணீர், அதே உயரம். டர்பைன் மட்டும் சுற்றாது, விழுகிற வேகமெல்லாம் பாறையில் மோதி வீணாகும். செல்லுக்குள்ளும் இதே கதை. சாப்பாட்டை எரித்துக் கிடைக்கும் சக்தியால் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு ஒரு பக்கம் புரோட்டான்களைத் தேக்கி வைக்கிறோம். அவை ஒரு நொதியின் வழியாகத் திரும்பி இறங்கும்போது, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஏடிபி உண்டாகிறது. பழுப்புக் கொழுப்பில் மட்டும் யுசிபி-1 என்ற புரதம் இரைச்சல் பாலம் போல மாற்று வழியைத் திறக்கிறது. ஏடிபி வராது, இறங்குகிற சக்தி முழுதும் சூடாகிவிடும். அந்த வீண்தான் இங்கே லாபம்.

திறக்கச் சொல்வது மூளை. தோல் குளிர்ந்ததும் அங்குள்ள நரம்புமுனைகள் ஹைப்போதலாமஸுக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து பரிவு நரம்புகள் வழியாகச் செய்தி போய், நரம்புமுனையில் சுரக்கும் நாரட்ரினலின் என்ற ரசாயனம் கொழுப்புச் செல்லைத் தட்டும். செல்லுக்குள் கொழுப்புத் துளி உடைந்து கொழுப்பு அமிலம் வெளிவரும். அந்த அமிலமே எரிபொருள், அதுவே யுசிபி-1-ஐத் திறக்கும் சாவியும்கூட. தசை ஆடவே வேண்டாம். நடுக்கமில்லா வெப்ப உற்பத்தி என்று சொல்வது இதைத்தான். தசைகளிலும் ஆடாமல் கொஞ்சம் சூடு வருவதாகத் தெரிகிறது, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பழக்கினால் இது கூடும். 2013-இல் நெதர்லாந்தில் 17 பேரை மெல்லிய உடையில் 15-16 டிகிரி அறையில், நாளுக்கு 6 மணி நேரம் வரை, 10 நாள் உட்கார வைத்தார்கள். நடுங்காமல் உண்டாக்கும் கூடுதல் சூடு, ஓய்வுநிலைச் சூட்டில் சுமார் 11 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. பழுப்புக் கொழுப்பின் செயல்பாடும் கூடியது.

சரி, அந்த 18 சதவீதத்தை உங்கள் அறைக்குள் வைத்துப் பார்ப்போம். 60 கிலோ ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பு தோராயமாக 80 வாட் சூடு உண்டாக்கும், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அதில் 18 சதவீதம் 14 வாட். 4 டிகிரியில் நல்ல ஜெர்கின், உள்ளே ஸ்வெட்டர், குல்லா எல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தாலும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சுமார் 120 வாட் வெளியே போகும். பற்றாக்குறை 40. பழுப்புக் கொழுப்பும் மற்றவையும் சேர்ந்து முழுவீச்சில் 14 கொடுத்தாலும் பாதிகூட அடையாது. மீதியை நடுக்கம்தான் கட்ட வேண்டும். நடுக்கத்தால் ஓய்வுநிலையைப் போல ஐந்து மடங்கு வரை சூடு எழுப்ப முடியும். அதே ஆள் மூடை தூக்கினால் 250 வாட்டுக்கு மேல் வரும், கடன் தீர்ந்து வேர்க்க ஆரம்பித்துவிடும். இப்போது நினைத்துப் பாருங்கள்: முதல் பத்து நாள் நீங்கள் அதிகம் நின்றீர்களா, இப்போது அதிகம் அசைகிறீர்களா? உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

இன்னொரு சங்கதி. ஜெர்கின் நன்றாக இருந்தால் தோல் குளிர்வதில்லை, தோல் குளிராவிட்டால் பழகவும் பழகாது. கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் கொரியாவின் ஹேன்யோ பெண்கள் ஒரு காலத்தில் பருத்தித் துணியோடு பனிக்காலக் கடலில் இறங்கினார்கள். அவர்களுக்கு நடுக்கம் வெகு தாமதமாகவே வரும், குளிர்காலத்தில் ஓய்வுநிலை வெப்ப உற்பத்தியும் கூடியிருந்தது. 1970-களில் ரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்தப் பழக்கம் கரைந்துபோனது. நம்மைப் போன்ற தெற்காசியர் விஷயத்தில் 2014-இல் வந்த ஒரு சின்ன ஆய்வும் உண்டு, ஒரு பக்கம் 12 பேர்தான். நெதர்லாந்திலேயே வாழும் ஒல்லியான தெற்காசிய இளைஞர்களுக்குப் பழுப்புக் கொழுப்பின் கனஅளவு வெள்ளையரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது, நடுக்கமும் சீக்கிரமே தொடங்கியது. 24 பேரை வைத்து நம் இனத்தையே எடை போட மாட்டேன், ஆனால் இந்தக் கொழுப்பை நம்பி வேலைக்குள் போவதற்கும் தெம்பு வரவில்லை.

இனி அத்தான் கதை. அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், ஒருவேளைச் சாப்பாடு, காலில் செருப்பு கிடையாது. அன்று மத்தியானம் வெளியே லாரியில் ஏற்றியதைச் சரிபார்த்ததில் பனியன் வேர்த்து நனைந்திருந்தது. அதோடேயே சேம்பருக்குள் போய், ஒரு மூடைமேல் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் இருப்பு எடுத்தார். கீழே ஐஸ் மாதிரி சிமெண்டுத் தரையில் வெறுங்கால். நனைந்த துணி காற்றைப் பிடித்து வைக்காது, அதனால் ஜெர்கினின் பாதி பலன் போச்சு. முதலில் நடுங்கியிருக்கிறது, இடையில் இரண்டு தடவை ஒன்றுக்குப் போய்வந்திருக்கிறார். தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே ஒதுங்கும்போது சிறுநீரகம் அதை அதிகப்படித் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும், அதனால்தான் குளிரில் அடிக்கடி வருகிறது. அப்புறம் நடுக்கம் நின்றுவிட்டது. "பழகிருச்சு"ன்னு நினைத்தாராம்.

வெளியே வந்து பூட்டைப் போட முடியவில்லை. சாவி துவாரத்துக்குள் போகவில்லை. ரெஜிஸ்டரில் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. உடனிருந்த லோடுமேன், "சாமி, என்ன குழறுறீங்க?" என்று கேட்டிருக்கிறார். நல்லவேளை, எனக்குப் போன் வந்தது. ஈர பனியனைக் கழற்றி, காய்ந்த துணியும் கம்பளியும் சுற்றி, சர்க்கரை தூக்கலாகச் சூடான பால் கொடுக்கச் சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஆள் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தார், அக்கா பயந்துபோய் அழுதுகொண்டிருந்தாள். நடுக்கம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. நாக்கின் அடியில் வைத்துப் பார்த்தால் 34.8.

குடோனுக்குள் நடுக்கம் ஏன் நின்றது? அது தசையின் வேலை, அதற்குச் சர்க்கரை வேண்டும். காலையிலிருந்து பட்டினி கிடந்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் மூளை நடுக்கத்தை நிறுத்திவிடும். களைப்பும் அதைக் குறைக்கும். சாராயமும் அப்படித்தான், அதோடு தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்து, உள்சூட்டை வெளியே விட்டுவிட்டு, சூடாக இருப்பது போல ஏமாற்றும். வேலை முடியும் முன்னே ஒரு கட்டிங் போடுகிற பழக்கம் உங்கள் செட்டில் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். இதெல்லாம் இல்லாவிட்டாலும் உள்வெப்பம் 32 டிகிரிக்கு அருகில் இறங்கினால் நடுக்கம் தானாக நிற்கும். அது பழக்கம் இல்லை, தோல்வி.

ஆக நடுக்கம் இல்லை என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடுத்த தடவை உள்ளே அரை மணி நேரம் அசையாமல் வேலை பார்த்ததும், கட்டைவிரலால் அதே கையின் சுண்டு விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியாவிட்டால் கை வேலைக்கு லாயக்கில்லை, வெளியே வாருங்கள். பேச்சு குழறினாலோ, சும்மா எரிச்சல் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனிருப்பவர்தான் கவனிக்க வேண்டும், உங்களுக்கே தெரியாது. குழறல் இருந்து நடுக்கமும் நின்றிருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான், பால் கொடுத்துப் பார்ப்பதெல்லாம் ஆள் தெளிவாக விழுங்க முடிந்தால் மட்டும். தெர்மாமீட்டர் வைப்பதாக இருந்தால் வெளியே வந்து 15 நிமிடம் கழித்து வையுங்கள். குளிர்ந்த மூச்சு வாயையே குளிர வைத்திருக்கும், அக்குளும் குறைத்தே காட்டும்.

அத்தான் இப்போது ஜெர்கினுக்குள் போட இரண்டு காய்ந்த பனியன் பையில் வைத்திருக்கிறார், வேர்த்தால் மாற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறார். இருப்பை அரை மணி அரை மணியாகப் பிரித்து எடுக்கிறார். இந்த வருஷம் மாலை போட்டபோது குடோனுக்குள் மட்டும் காலுக்கு என்ன செய்வது என்று குருசாமியிடம் கேட்டார். "உள்ள போறப்ப பூட்ஸ் போட்டுக்க, ஐயப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றாராம்.