மருதமுனைத் தறி: நட்டம் எவ்வளவு?

> "சாரம் நெய்யிற பவர்லூம், புத்தகத்தில 18 இலட்சம். ஓடர் படுத்துட்டு. வித்தா 7.5 இலட்சம்தான். 10.5 இலட்சத்தையும் நட்டமா எழுதவா?"

எழுதாதீங்க தம்பி, விற்பனை விலை பாதிக் கணக்குத்தான். கழற்றி லொறியில் ஏற்ற 50,000 போனால் கையில் 7 இலட்சம். தறியை ஓட்டினால் என்ன வரும் என்றும் பாருங்கள். மிச்ச ஓடரில் செலவு போக வருடம் 4 இலட்சம், இன்னும் 3 வருடம் என்று வைப்போம். 15% கழிவு வீதத்தில் இன்றைய பெறுமதி சுமார் 9.13 இலட்சம்.

இலங்கைக் கணக்கீட்டு நியமம் LKAS 36 இன்படி இரண்டில் பெரியதுதான் மீளப்பெறக்கூடிய தொகை. ஆகவே நட்டம் 8.87 இலட்சம். இனித் தேய்மானம் 9.13 இலட்சத்தின் மேல்.

அந்த 4 இலட்சத்தில் லோன் வட்டியையும் வரியையும் கழிக்காதீர்கள். வீதமும் வரிக்கு முந்தியதாக இருக்கட்டும். பழைய பெருநாள் விற்பனையை வைத்துக் கணித்தால் ஓடிட்டர் கொப்பியைத் திருப்பித் தருவார்.