டீம் லீடும் டீமில் இருப்பவரும் காதலித்தால் ஹெச்ஆரிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

கேள்வி: நான் டீம் லீட். என் டீமில் இருக்கும் பெண்ணும் நானும் காதலிக்கிறோம். ரிப்போர்ட்டிங்கில் இருந்தால் ஹெச்ஆரிடம் சொல்லணும்னு பாலிசியில் இருக்கு. ரெண்டு வீட்டுக்கும் தெரியாது. சொல்லாம விட்டா என்ன?

சொல்லிவிடுங்கள். அவருக்காக நீங்கள் போடப்போகும் அடுத்த அப்ரூவலுக்கு முன்னாடியே. மதுரையில் ஹெச்ஆர் வேலை பார்ப்பவர் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பாலிசிக்கு உங்கள் காதல் ஒரு பொருட்டே இல்லை, உங்கள் கையெழுத்துதான் பிரச்சினை. ரேட்டிங், ஷிப்ட், லீவு, இன்க்ரிமெண்ட் சிபாரிசு எல்லாம் உங்கள் வழியாகப் போகிறதே, அதிலிருந்து உங்களை எடுத்துவிடத்தான் கேட்கிறார்கள். சட்டப்படி இங்கே யாரும் காதலை அறிவிக்க வேண்டியதில்லை. இது கம்பெனி விதி, ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட விதி. மறைத்தது தெரியவந்தால் விசாரணை காதலைப் பற்றி இருக்காது, மறைத்ததைப் பற்றித்தான் இருக்கும். 2025 செப்டம்பரில் நெஸ்லே தன் தலைமை நிர்வாகி லோரன் ஃப்ரெய்க்ஸை நீக்கியதும் தனக்கு நேரடியாகக் கீழே இருந்தவரோடு இருந்த உறவை அவர் தெரிவிக்காததற்காகத்தான்.

நான் பார்த்த ஒரு விஷயம். இலந்தைக்குளம் பக்கம் ஒரு பேக் ஆபீஸ், அமெரிக்க இன்சூரன்ஸ் வேலை. உங்களைப் போலவே ஒரு லீட் ஜனவரியில் வந்து சொன்னார். முதலில் பழைய ரேட்டிங்கை எடுத்துப் பார்த்தோம். குவாலிட்டி ஸ்கோர் வேறு டீம் போடுவது, அதில் அவர் கை இல்லை. லீட் போடும் நடத்தை மார்க்கை மட்டும் வேறு ஒரு லீடை வைத்து மறுபடி போடச் சொன்னோம். ஒரு மார்க்தான் குறைந்தது. அந்தத் தாள் ஃபைலில் இருந்ததால், ஏப்ரலில் இன்க்ரிமெண்ட் வந்தபோது "லீடோட ஆளு"ன்னு யாரும் வாய் திறக்க முடியவில்லை.

அடுத்து, யாரை மாற்றுவது? வழக்கம்போல மேனேஜர் "அந்தப் பொண்ணை டே ஷிப்டுக்கு மாத்திடுங்க" என்றார். மாற்றியிருந்தால் நைட் அலவன்ஸ் போயிருக்கும், உண்மையைச் சொன்னதற்கு அபராதம் கட்டின மாதிரி. அதனால் அதே கிரேடில் லீடைத்தான் பக்கத்து டீமுக்கு மாற்றினோம். உங்கள் ஆபீசிலும் முதலில் பெண்ணைத்தான் நகர்த்தப் பார்ப்பார்கள், "நான் மாறுகிறேன்" என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை இருந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு லீவு வாங்குவது இங்கே எவ்வளவு பெரிய போட்டி என்று உங்களுக்கே தெரியும், அமெரிக்க வேலைக்கு உள்ளூர் விடுமுறை செல்லாது, டீமுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் கிடைக்கும். அந்தப் பெண் விண்ணப்பித்தபோது புது லீடே லீவில் இருந்தார், மென்பொருளில் மாற்று அப்ரூவர் என்று பழைய லீட் பெயரே கிடந்ததால் விண்ணப்பம் நேராக அவரிடம் போய் நின்றது. நல்லவேளை, அவர் தொடாமல் மேனேஜருக்கு அனுப்பிவிட்டார். ஆகவே டீம் மாறினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மாற்று அப்ரூவர் பட்டியல், ரோஸ்டர் போடும் உரிமை, அவருடைய ரேட்டிங்கைப் பேசும் கூட்டம், எல்லாவற்றிலிருந்தும் உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குத் தெரியாது என்பதுதான் உங்கள் உண்மையான பயம், நம் ஊரில் அது நியாயமான பயமும்கூட. ஹெச்ஆரில் இருப்பவர் உங்கள் சித்தப்பா மகனோடு படித்தவராக இருப்பார். அதனால் பொது ஹெச்ஆர் மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அதைப் பலர் படிப்பார்கள். ஹெச்ஆர் தலைமையில் ஒருவரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு, அவருக்கு மட்டும் நாலு வரி போதும்: இன்னாரும் நானும் உறவில் இருக்கிறோம், இருவரும் சம்மதித்தே தெரிவிக்கிறோம், அவர் தொடர்பான முடிவுகளிலிருந்து என்னை விலக்குங்கள், தேவையானவர் தவிர யாருக்கும் சொல்ல வேண்டாம். எப்போது ஆரம்பித்தது, கல்யாணம் எப்போது, என்ன சாதி என்றெல்லாம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை, அது பாலிசிக்குத் தேவையில்லாத விவரம். இடமாற்றக் கடிதத்தில் காரணம் "நிர்வாகத் தேவை" என்று மட்டும் இருக்கட்டும்.

பின்னால் பிரிந்துவிட்டால் அதையும் ஒரு வரியில் தெரிவியுங்கள், ஆனால் உடனே பழைய டீமுக்குத் திரும்பக் கேட்காதீர்கள். அப்புறம், அன்றைக்கு எழுதிய சம்மதம் அன்றைக்குத்தான். பிரிந்த பிறகு அவர் வேண்டாம் என்ற பின்னும் தொந்தரவு கொடுத்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி கம்பெனியின் உள்ளகக் குழுவிடம் புகார் செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு, இந்த மெயில் உங்களைக் காப்பாற்றாது.

இன்னொன்று, மெயிலை அனுப்பும் முன் அவரிடம் காட்டுங்கள். பேர் அவருடையதும்தானே. அவருக்கு யோசிக்க ரெண்டு நாள் வேண்டுமென்றால் கொடுங்கள், அதுவரை அவருடைய எந்த விண்ணப்பத்தையும் நீங்கள் அப்ரூவ் செய்யாமல் மேலே தள்ளிவிடுங்கள்.