பதிவுசெய்த குரலில் மங்கலை நீக்குவது எப்படி?

"கதகதப்பாக இருக்கட்டும் என்று பேஸை ஏற்றினால் சொற்கள் மங்கிப்போகின்றன. என்ன செய்வது?"

பேஸை ஏற்ற வேண்டாம். பெரும்பாலான குரல் மைக்குகளில் நெருங்கிப் பேசினாலே அடிக்குரல் தானாகக் கூடிவிடும். மங்கலாக்குவது பெரும்பாலும் 300 ஹெர்ட்ஸ் பக்கம்தான்.

முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அப்புறம் ஈக்வலைசரில் ஒரு பட்டையை 6 டெசிபல் ஏற்றி, 200க்கும் 500க்கும் நடுவே மெல்ல நகர்த்துங்கள். குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும் இடத்தில் நிறுத்தி, ஏற்றியதை எடுத்துவிட்டு, இயல்பு அளவிலிருந்து அங்கே 3 டெசிபல் குறையுங்கள். 150 பக்கத்தைத் தொடாதீர்கள், கதகதப்பு அங்கேதான் இருக்கிறது.

உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரசருக்கு 2:1 விகிதம் போதும். உரத்த சொற்களில் மட்டும் மீட்டர் 3 டெசிபல் இறங்கட்டும். வாக்கியங்களுக்கு நடுவே மூச்சுச் சத்தம் துருத்திக்கொண்டு கேட்டால், அழுத்தம் அதிகம். அமுக்கத் தொடங்கும் அளவான த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.