ஏ.வி. பாலத்தில் பத்து நொடி

அன்புள்ள ஐயா,

மூன்று மாதமாக, கனவுக்குள்ளேயே இது கனவு என்று தெரிந்துகொள்ளும் லூசிட் ட்ரீமிங் பழகுகிறேன். தினமும் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, மறுபடி படுக்கிறேன். இரண்டு முறை கைகூடியது. இரண்டிலும் ஏ.வி. பாலத்தில் நிற்கிறேன், வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. உடனே ‘இது கனவு’ என்று தெரிந்துவிட்டது. மீனாட்சி கோயில் கோபுரத்தைப் பார்த்துப் பறக்கப் போனேன். பத்து நொடிகூட நிற்கவில்லை, விழித்துவிட்டேன். கனவில் அடிக்கடி பாம்பும் வருகிறது. அது குண்டலினியா, நாகதோஷமா? சித்தர்கள் சொன்ன துரியம் இதுதானே?

செல்வம், திருமங்கலம்

அன்புள்ள செல்வம்,

உயிரின் நனவு, கனவு நிலைகளைப் பேசும் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தை இந்த வாரம் மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பாம்பை முதலில் அப்புறப்படுத்திவிடுவோம். கனவுக் குறிக்கு மரபுக்குள்தான் பொருள் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைப் புறஞ்சேரியில் இருந்தபோது கண்ட கனவில் எருமை மேல் ஏறிப் போகிறான். எருமை எமனின் ஊர்தி என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அதனால் அங்கே அது சாவு. உசிலம்பட்டியில் பால் கறப்பவர் கனவில் வரும் எருமை வெறும் எருமை. உங்கள் பாம்பு எது என்று அறிய, அது வந்த கனவின் முந்தைய நாள் என்ன நடந்தது, பாம்பைக் கண்டதும் உடம்பில் எங்கே பயம் பிடித்தது என்று எழுதிப் பாருங்கள். பத்துக் கனவு சேர்ந்தால் நீங்களே சொல்வீர்கள். ஜோசியரிடம் போகாதீர்கள், என்னிடமும் வராதீர்கள்.

துரியத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். ‘எல்லாம் நம் முன்னோர் அன்றே செய்ததுதான்’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பொறுக்காது.

சைவ சித்தாந்தம் உயிருக்கு ஐந்து அவத்தை, அதாவது ஐந்து நிலை, சொல்கிறது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம். இந்த நான்காவதுதான் துரியம். ஒவ்வொன்றுக்கும் உடம்பில் ஓர் இடம் உண்டு. நனவுக்குப் புருவ நடு, கனவுக்குக் கண்டம் என்னும் தொண்டை, உறக்கத்துக்கு இருதயம், அதற்கும் கீழே உந்தி, பிறகு மூலாதாரம். உயிர் கீழே இறங்க இறங்கக் கருவிகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வரும். நனவில் கருவிகள் 35. கனவில் 25. கழன்ற பத்தும் எவை தெரியுமா? கண், காது முதலான அறிகருவி ஐந்தும், கை, கால் முதலான செயற்கருவி ஐந்தும். ஓசையும் ஊறும் ஒளியும் நிற்கின்றன, மனமும் நிற்கிறது, வாங்கும் வாசல்தான் இல்லை. உறக்கத்தில் மூன்று, துரியத்தில் இரண்டு, கடைசியில் ஒன்று.

இந்தக் கணக்கில் துரியம் என்பது கனவைவிட இன்னும் இருட்டான இடம். கருவிகள் பெரும்பாலும் கழன்று உயிர் ஆணவ மலத்தோடு கிடக்கும் கீழிறக்கத்தின் ஒரு படி அது. அருளால் மேலேறும்போதும் இதே பெயர்கள் வரும், ஆனால் அது வேறு கணக்கு. மாண்டூக்கிய உபநிடதத்தின் துரியமோ நனவு, கனவு, உறக்கம் மூன்றுக்கும் ஆதாரமாக இருப்பது. அந்த உபநிடதம் மொத்தமே பன்னிரண்டு மந்திரம். அதில் கனவுக்குள் போய் இன்னது செய் என்று ஒரு வரியும் கிடையாது. ஆக, நீங்கள் பாலத்தில் நின்ற பத்து நொடி, சித்தாந்தத்தின் துரியமும் இல்லை, வேதாந்தத்தின் துரியமும் இல்லை. கனவுதான், தெரிந்து கண்ட கனவு. அந்த அளவில் அது அரிய சரக்குதான், இல்லாத பட்டத்தை அதற்குக் கட்ட வேண்டாம்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் கனவைப் பயிற்சியாக்கவில்லை, வாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 1896-இல் மதுரையில், கோயிலுக்குப் பக்கத்துச் சொக்கப்ப நாயக்கன் தெருவில் சாவனுபவம் கண்ட ரமணர் பின்னாளில் சொன்னது, நனவு நீளம், கனவு குறுகல், வேறு பேதமில்லை என்று. கனவை நீட்டிப்பதில் அவருக்கு அக்கறை இல்லை, இரண்டையும் காண்பவன் யார் என்பதுதான் கேள்வி. யோகசூத்திரத்தில் ஒரே ஒரு சூத்திரம், முதல் பாதத்தின் 38-ஆவது, கனவிலும் உறக்கத்திலும் கிடைத்த அறிவைப் பற்றுக்கோடாகக் கொண்டும் மனதை நிறுத்தலாம் என்கிறது. அது விழித்தபின் செய்வது.

கனவுக்குள்ளேயே போய்ப் பழகும் முறையைப் படிப்படியாக வகுத்தவர்கள் திபெத்தியர்கள். 11-ஆம் நூற்றாண்டின் இந்திய பௌத்த குரு நாரோபா பெயரால் அவர்களிடம் வழங்கும் ஆறு யோகங்களில் கனவு யோகம் ஒன்று. அவர்களும் தூங்கப்போகும்போது மனதை வைக்கச் சொல்லும் இடம் கண்டம்தான். வலப்பக்கம் சாய்ந்து படுத்து, தொண்டைக்குள் ஒளிவிடும் ஓர் எழுத்தை நினைக்க வேண்டும். சித்தாந்தமும் பிரம்மோபநிடதமும் கனவுக்கு வைத்த அதே இடம். இடம் ஒன்று, வேலை வேறு. இங்கே அது உயிர் விழுந்த இடத்தின் அடையாளம், அங்கே அது பிடித்து ஏறும் படி.

உங்கள் பத்து நொடிக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. கனவு என்று கண்டுகொண்ட பிறகு அது எப்படியெல்லாம் சிதறும் என்று வகை பிரித்திருக்கிறார்கள்: கண்டதும் விழித்துவிடுதல், கண்டும் அடுத்த கணமே மறந்து கனவோடு போய்விடுதல், குழம்புதல், தூக்கமே பிடிக்காமல் போதல். உங்களுடையது முதல் வகை, ஆரம்பத்தில் பலருக்கும் வருவது.

ஏன் விழிக்கிறது? கனவு மிகுந்த தூக்கத்தில் உடம்புத் தசைகள் பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும், கண்ணசைவு மட்டும் மூச்சைப்போல நிற்காது. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதை வைத்துத்தான் காரியம் சாதித்தார். ஆலன் வொர்ஸ்லி என்பவர் கனவுக்குள் இருந்தபடியே, முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமும் ஆட்டினார். கருவி பதிவு செய்தது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக அதையே நிறுவினார். கனவில் நீங்கள் பார்க்கும் கோபுரத்தைத் தாங்குவது உங்கள் கவனம் ஒன்றுதான். ‘ஆகா, கிடைத்துவிட்டது’ என்று துள்ளினீர்கள், அந்தப் படபடப்பே எழுப்பிவிட்டது. போதாததற்குத் தூரத்துப் பொருள் ஒன்றின் மேல் கண்ணைக் குத்தி நிறுத்தினீர்கள். அப்படி வெறித்துப் பார்த்தாலும் கனவு நைந்துவிடும்.

அடுத்த முறை கோபுரத்தைப் பார்க்காதீர்கள். பாலத்துக் கைப்பிடிச் சுவரைத் தொடுங்கள், சொரசொரப்பு தெரிகிறதா என்று தடவுங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டே இருங்கள். கனவுக் கை தொடுவுணர்வால் நிறைந்திருக்கும் வரை, பாயில் கிடக்கும் கைக்குக் கவனம் திரும்பாது. காட்சி மங்கினால் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றுங்கள். லபெர்ஜ் சோதித்துச் சொன்ன வழிகள் இவை இரண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நிலைக்கும்.

வைகையில் தண்ணீரைப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்கிறீர்கள். சிரிப்பு வந்தாலும், மதுரைக்காரருக்கு நல்ல அடையாளம்தான். ஆனால் சித்திரையில் அழகர் இறங்கும் நேரம் அணையைத் திறந்துவிட்டால் ஏமாந்துபோவீர்கள். ‘இப்படி நடக்குமா’ என்று யோசித்து முடிவெடுப்பது நம்பத்தக்கதல்ல, கனவில் அந்த யோசனையே மழுங்கியிருக்கும். எழுத்தைப் படியுங்கள். பஸ் போர்டில் ‘பெரியார்’ என்று இருந்தால், தலையைத் திருப்பி மறுபடி படியுங்கள். கனவென்றால் பெரும்பாலும் ‘பெரியகுளம்’ ஆகியிருக்கும், அல்லது எழுத்தே நெளியும். இன்னொன்று, மூக்கை இறுக்கிப் பிடித்து மூச்சிழுங்கள். கனவில் மூச்சு தாராளமாக வரும். நீங்கள் பிடித்தது கனவு மூக்கை, படுக்கையில் இருக்கும் மூக்கு திறந்தே இருக்கிறது. பகலில் இதை ஐந்தாறு முறை செய்யுங்கள், ஆனால் ‘ஒருவேளை கனவாக இருக்குமோ’ என்று நிஜமாகவே சந்தேகப்பட்டுச் செய்யுங்கள். கடமைக்கு மூக்கைப் பிடிப்பவர் கனவிலும் கடமைக்குப் பிடித்துவிட்டு, ‘நனவுதான்’ என்று நடையைக் கட்டுவார்.

இனி அந்த அலாரம். தினமுமா வைப்பார்கள்? புத்தி வேண்டாமா? கனவுத் தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். முதல் சுற்றில் சில நிமிடம்தான், விடியலை நெருங்க நெருங்க நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம்மூரில் சொல்வதற்கும் அதுதான் அடியாக இருக்கலாம். அப்போதுதான் நீளமாக வருகிறது, விழித்ததும் நினைவிருக்கிறது. ஆகவே ஐந்து மணி நேரம் முழுதாகத் தூங்கியபின் எழுவதில்தான் பலன். நீங்கள் பதினோரு மணிக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்தால் நாலு மணி நேரம்தான். பத்தரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுங்கள், வாரத்துக்கு இரண்டே நாள். அரை மணி உட்காருங்கள், செல்போனைத் தொடாதீர்கள். கடைசியாகக் கண்ட கனவை ஆரம்பத்திலிருந்து மனதில் ஓட்டி, எந்த இடத்தில் கண்டுகொண்டிருக்கலாமோ அங்கே கண்டுகொள்வதாகத் திருத்தி ஓட்டுங்கள். ‘அடுத்த கனவில் கனவென்று தெரிந்துகொள்வேன்’ என்ற ஒரே எண்ணத்தோடு வலப்பக்கம் சாய்ந்து படுங்கள். மற்ற ஐந்து நாளும் ஒழுங்காகத் தூங்குங்கள். தொண்டையில் எழுத்தை நினைத்துத் தூக்கம் ஓடிவிட்டால், கவனத்தைக் கீழே இறக்கச் சொல்கிறார்கள் திபெத்தியர்கள்.

மல்லாந்து படுத்தால் அமுக்குவான் வரலாம். மனம் விழித்தும் தசை விழிக்காத நிலை அது. நெஞ்சில் ஆள் உட்கார்ந்தாற்போல இருக்கும். எழப் போராடாமல், மூச்சை மெல்ல விட்டு, கால் கட்டைவிரலை அசைக்கப் பாருங்கள், விலகிவிடும். பகலிலேயே எது கனவு எது நனவு என்று மயங்கும் நிலை வந்தாலோ, வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தாலோ, இதையெல்லாம் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நிலைத்தபின் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவே இல்லை. பறப்பது ஆசைதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் திபெத்திய முறையில் கண்டுகொண்ட பிறகுதான் பாடமே ஆரம்பம். ஒன்றைப் பலவாக்கு, பெரியதைச் சிறியதாக்கு, தீ வந்தால் கனவுத் தீ என்று தெரிந்தே அதற்குள் கால் வை. அடுத்து, அந்த உருவங்களை மாற்றாமலே பொய்யென்று அறிந்து நில். உங்கள் பாம்பு வருகிறதே, அப்போது ஓடாமல் அதன் முன்னால் உட்காருங்கள். அதைக் கொன்றாலும் கும்பிட்டாலும் கதைக்குள் போய்விடுவீர்கள்.

முக்கியமான ஒன்று, மறந்துவிடப் போகிறேன். இரண்டாம் முறை விழித்துவிட்டேன் என்கிறீர்களே, உண்மையாகவே விழித்தீர்களா? எழுந்து, விளக்கைப் போட்டு, நோட்டில் எல்லாம் எழுதி முடித்து, அப்புறம் உண்மையாகவே விழித்துப் பார்த்தால் நோட்டு வெள்ளையாகக் கிடக்கும். இந்தப் பொய் விழிப்பில்தான் பல வாய்ப்பு வீணாகிறது. எழுந்ததும் பேனாவைத் தேடாதீர்கள், முதலில் மூக்கைப் பிடியுங்கள்.