குன்னூர் வீட்டு வாடகையில் பிடித்தம்

"துபாயில் இருக்கிறேன். குன்னூர் வீட்டு வாடகை 20,000. குடியிருப்பவர் 13,760தான் போட்டிருக்கிறார். ஓடு வேறு ஒழுகுகிறதாம். என்ன எழுதுவது?"

அவர் குறைத்தது சரிதான். உரிமையாளர் வெளிநாட்டில் வசித்தால் 31.2 சதவீதம், அதாவது 6,240 ரூபாய், வரியாகப் பிடிக்க வேண்டும். மீதி, வெளிநாட்டில் வசிப்போர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் விழட்டும்.

பிடித்ததை அவர் அரசுக்குக் கட்டினாரா என்பதுதான் கேள்வி. வருமானவரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா பாருங்கள். காலாண்டுக் கணக்குத் தாக்கலான பிறகே தெரியும்.

ஒழுகலுக்கு இப்படி எழுதுங்கள்: "ஐயா, 5,000 ரூபாய் வரை என்னைக் கேட்காமலே ஓடு மாற்றிவிடுங்கள். முன்னும் பின்னும் படம், பில் அனுப்புங்கள். அதற்கு மேல் என்றால் என் அண்ணன் வந்து பார்த்துச் சொன்னபின் செய்யுங்கள்." ஐப்பசி மழைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள், மழையில் ஓட்டின்மேல் யாரும் ஏறமாட்டார்கள்.

செலவை வாடகையில் கழித்தாலும் வரிப் பிடித்தம் முழு 20,000க்குத்தான். பிடித்தத்தைத் தவிர்க்க அண்ணன் கணக்கில் வாடகை வாங்க வேண்டாம்.